வைஃபை நிறைய இருக்கு, ஒண்ணும் திறக்கல

2000-த்தை ஒட்டிய வருடங்களில் பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். அங்கே ஒவ்வொரு மானிட்டரின் பக்கவாட்டிலும் ஒரு துண்டுச் சீட்டு செலோடேப் போட்டு ஒட்டியிருக்கும். அதில் முதலாளியின் கையெழுத்தில், நடுநடுவே புள்ளி வைத்த இரண்டு நீள எண்கள். வருகிறவர்கள் பலர் அதை ஏதோ போன் நம்பர் என்றே நினைத்தார்கள். அவை டிஎன்எஸ் எண்கள். எங்களுக்கு இணைப்பு கொடுத்த நிறுவனம் தந்தவை.

விண்டோஸ் 98 அடிக்கடி படுத்துவிடும். மறுபடி ஏற்றும் ஒவ்வொரு முறையும் அந்த எண்களைக் கையால் கொடுக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க்கைத் திறந்து, டிசிபி/ஐபி-யைத் தேர்ந்து, `DNS Configuration` என்ற பக்கத்துக்குப் போனால் `DNS Server Search Order` என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் முதல் எண்ணை அடித்து `Add`, இரண்டாவதை அடித்து `Add`. பிறகு மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒரு இலக்கம் தப்பினாலும் அந்த மெஷினில் எந்தத் தளமும் வராது. பக்கத்து மெஷினில் எல்லாம் வந்துகொண்டிருக்கும்.

நாம் அடிக்கும் முகவரி ஒரு பெயர். கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று தேடிப் போவது எண்ணை வைத்து. பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்ல இடையில் ஒருவர் வேண்டும். அந்தக் காலத்து லேண்ட்லைனில் 197-ஐச் சுழற்றி இன்னார் வீட்டு நம்பர் என்ன என்று கேட்போமே, அதே வேலைதான் டிஎன்எஸ் செய்வது. இணையத்தின் தொடக்கத்தில் இந்தப் பெயர்-எண் பட்டியல் முழுவதும் `HOSTS.TXT` என்ற ஒரே கோப்பில் இருந்தது. கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள், மற்ற இடத்துக்காரர்கள் அதை நகலெடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் அந்தப் பட்டியலைப் பலர் கையில் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை வடிவமைத்தார். நாற்பது வருடங்கள் தாண்டியும் நம் கையிலிருக்கும் போன் நிமிடத்துக்கு நிமிடம் கேட்டுக்கொண்டிருப்பது அந்த ஏற்பாட்டைத்தான்.

சென்டரில் பழுது இரண்டு வகையாக வரும். ஒன்று லைன் அறுந்துபோவது. மோடம் விளக்கு அணையும், திரையின் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் காணாமல் போகும், இணைப்பு போய்விட்டது என்று நடுத்திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். எல்லா மெஷினிலும் ஒரே நேரத்தில் எல்லாரும் தலையைத் தூக்குவார்கள். மறுபடி டயல் செய்வோம். இதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

இன்னொன்று, லைன் இருக்கும், தளம் வராது. அதற்கு எனக்கு முதலாளி சொல்லிக்கொடுத்த சோதனை மிகவும் சின்னது. கறுப்புத் திரையைத் திறந்து முதலில் ஓர் எண்ணுக்கு பிங் அனுப்ப வேண்டும், அடுத்து ஒரு பெயருக்கு. எண் பதில் தந்து, பெயருக்கு மட்டும் `Unknown host` என்று வந்தால் பாதை நன்றாக இருக்கிறது, பெயர் சொல்கிறவர்தான் இல்லை என்று பொருள். எண்ணுக்கே `Request timed out` என்றால் பாதையில் கோளாறு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த ஒரு காலையில், வாசல் வரை பிள்ளைகள் நிற்க, முதல் டிஎன்எஸ் எண் பதில் சொல்லாமல் போனது. முதலாளி பதறவில்லை. பிங் அடித்துப் பார்த்தார், சீட்டிலிருந்த இரண்டாவது எண்ணை மேலே கொண்டுவந்தார், ஒவ்வொரு மெஷினாக ரீஸ்டார்ட் செய்தோம். வெளியே நின்ற பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த எண்கள் கண்முன்னே ஒட்டியிருந்ததால் அப்படி ஒன்று இருக்கிறது என்பது மறக்கவே முடியாத விஷயமாக இருந்தது.

இப்போது யாரும் எந்த எண்ணையும் அடிப்பதில்லை. வைஃபையில் சேர்ந்த நொடியிலேயே ரவுட்டர், இந்த எண்ணிடம் கேட்டுக்கொள் என்று போனுக்குச் சொல்லிவிடுகிறது. சிம் வழியாகப் போனால் சிம் கம்பெனி சொல்லிவிடுகிறது. நல்ல வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9-லிருந்து, அந்தச் சொல்லைக் கேட்காமல் போனை வேறு ஒருவரிடம் மட்டும் கேட்கச் செய்யும் வழி ஒன்று செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. `Private DNS` என்று பெயர். யாராவது ஒருநாள் அதில் எதையாவது அடித்து வைத்துவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும் என்பதை முருகன்குறிச்சியில் என் சித்தி வீட்டில் பார்த்தேன்.

சித்தி தனியாக இருக்கிறார். கரண்ட் பில், கேஸ் புக்கிங், பென்ஷன் பணம் வந்ததா என்று பார்ப்பது, வெள்ளிக்கிழமை கோயில் நேரலை, எல்லாம் அந்த ஒரு போனில்தான். ஒருநாள் கூப்பிட்டார். போன் வேலை செய்ததால்தான் கூப்பிட முடிந்தது, அதுவே அவருக்குப் பெரிய குழப்பம்.

"ஏட்டி, வைஃபை நிறையக் காட்டுது. கோடு ஒண்ணு குறையல. ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. நெட் கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டு, உங்க லைன்ல கோளாறே இல்லங்கான்."

"சிம் நெட்டைப் போட்டுப் பாத்தீங்களா சித்தி?"

"அதுவும் அப்படித்தான். ரீசார்ஜ் தீந்துபோச்சோன்னு திரும்பவும் பண்ணிட்டேன். கடைக்காரப் பையன் சிம்மைக் கழட்டி மாட்டிட்டு, போனை ஃபார்மட் அடிக்கணும்னு சொல்லுதான். எல்லாம் அழிஞ்சுபோயிருமாமே?"

ஃபார்மட் அடிக்க வேண்டாம், வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். வைஃபையிலும் வரவில்லை, சிம்மிலும் வரவில்லை என்று அவர் சொன்னதிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு நிறுவனம், வேறு வேறு பாதை. இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி கெடுவது அபூர்வம். கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது போனுக்குள், இருக்க வேண்டும்.

போனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே வைஃபை குறி முழுதாக இருந்தது, ஓரத்தில் பொடியாக ஓர் ஆச்சரியக்குறி. இந்தக் குறியைப் பலர் கவனிப்பதில்லை. வைஃபை கோடுகள் சொல்வது ஒன்றே ஒன்றுதான், அலமாரி மேலிருக்கும் ரவுட்டர் வரை போன் பேசுகிறது. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அந்தக் கோடுகளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஆண்ட்ராய்டு தனியாக ஒரு சோதனை செய்கிறது. `connectivitycheck.gstatic.com` என்ற முகவரிக்குப் போய் ஒரு சின்னக் கேள்வி கேட்கும். அங்கிருந்து உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பதில், 204 என்ற எண்ணோடு வர வேண்டும். வந்தால் இணையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளும். வராவிட்டால் அந்த ஆச்சரியக்குறி.

அடுத்து குரோமைத் திறந்து முகவரிப் பட்டையில் `https://1.1.1.1/cdn-cgi/trace` என்று அடித்தேன். பக்கம் உடனே திறந்தது. சித்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "வந்துட்டுல்லா!" என்றார். அது சரியாகிவிட்டதன் அடையாளம் இல்லை, கோளாறு எங்கே இருக்கிறது என்பதன் அடையாளம். நான் அடித்தது பெயரே இல்லாத முகவரி. நேரடியாக எண். யாரிடமும் கேட்காமல் போகக்கூடியது. அது திறந்தது என்றால் ரவுட்டர், கேபிள், வெளியுலகம் எல்லாம் சரி. அடுத்து கூகுளின் பெயரை அடித்தேன். `DNS_PROBE` என்று தொடங்கும் ஒரு வரியோடு வெறும் பக்கம் வந்து நின்றது. பிரவுசிங் சென்டரில் செய்த அதே இரண்டு வரிச் சோதனைதான் இது. இன்றும் லேப்டாப்பில் இதை அப்படியே செய்யலாம்:

```
ping 8.8.8.8
ping google.com
```

முதல் வரிக்குப் பதில் வந்து இரண்டாவது வரியில் பெயர் தெரியவில்லை என்றால், மேற்கொண்டு எதையும் கழற்ற வேண்டியதில்லை.

இன்னொரு விஷயமும் அன்று பார்த்தேன். சித்தியின் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு என் லேப்டாப்பை அதில் சேர்த்தேன். லேப்டாப்பில் எல்லாத் தளமும் வந்தது. தன்னால் ஒரு தளத்தையும் திறக்க முடியாத போன், பக்கத்திலிருக்கும் லேப்டாப்புக்கு இணையத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. போனின் `Private DNS` அமைப்பு அந்தப் போனில் இருக்கும் செயலிகளுக்கு மட்டும்தான், ஹாட்ஸ்பாட்டில் சேர்பவர்களின் கேள்விகள் அதன் வழியாகப் போவதில்லை. சிம் கம்பெனி சொன்ன எண்ணிடம் சாதாரணமாகப் போய்விடுகின்றன. இதுவும் ஒரு நல்ல சோதனை. ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்புக்கு இணையம் வந்து, போனில் மட்டும் வரவில்லை என்றால், ரீசார்ஜ் பற்றியும் சிக்னல் பற்றியும் யோசிப்பதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

செட்டிங்ஸின் தேடும் கட்டத்தில் `private dns` என்று அடித்தேன். ஒவ்வொரு கம்பெனியும் இதை ஒவ்வோர் இடத்தில் வைத்திருப்பதால் தேடிப் போவதே சுலபம். கூகுளின் போன்களில் `Network & internet` என்பதற்குள் இருக்கும். சாம்சங்கில் `Connections` போய் `More connection settings` என்பதற்குள் இருக்கும். திறந்தால் மூன்று தேர்வுகள்: `Off`, `Automatic`, `Private DNS provider hostname`. சித்தியின் போனில் மூன்றாவது தேர்வாகியிருந்தது. அதன் கீழே ஒரு பெயர் அடித்திருந்தது. எந்தக் கம்பெனி என்று இங்கே எழுத அவசியமில்லை, இலவசமாக விளம்பரத்தைத் தடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு சின்ன சேவை.

"இதை யார் சித்தி போட்டது?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். போன பொங்கலுக்கு வந்த பேரன். சித்தி படிக்கிற பஞ்சாங்கச் செயலியில் பக்கத்தை மூடிக்கொண்டு விளம்பரம் வரும், மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு இருக்கும், அதைத் தொடப்போய் வேறு எங்கெங்கோ போய் நிற்பார். பாட்டி தவிப்பதைப் பார்த்துவிட்டுப் பையன் எங்கோ வீடியோவில் பார்த்த பெயரை அடித்து வைத்திருக்கிறான். விளம்பரம் நின்றுபோனது. அவன் ஊருக்குப் போய்விட்டான். மாதங்கள் ஓடின. சித்திக்கு அப்படி ஒரு மாற்றம் நடந்ததே நினைவில்லை. அன்பில் செய்தது அது. அதில் தப்பு சொல்ல எனக்கு மனமில்லை.

அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று என் லேப்டாப்பில் `nslookup` போட்டுக் கேட்டேன். `Non-existent domain` என்று வந்தது. அப்படி ஒரு பெயரே இப்போது இணையத்தில் இல்லை. சேவையை நடத்தியவர்கள் எப்போதோ மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு டிஎன்எஸ் போனால் அடுத்ததிடம் கேட்க வேண்டியதுதானே, எங்கள் சென்டரில் சீட்டில் இரண்டாவது எண் இருந்தது போல? ரவுட்டர் சொல்லும் எண் அங்கேயே இருக்கிறது, கேட்டால் பதில் தரும். ஆனாலும் சித்தியின் போன் அதனிடம் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் அந்த மூன்றாவது தேர்வின் பொருள்.

காரணம் இது. பழைய டிஎன்எஸ் கேள்விகள் 53 என்ற போர்ட் வழியாகத் திறந்த தபால் அட்டையாகப் போகின்றன. நீங்கள் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்கிறீர்கள் என்று வழியில் இருக்கும் யாரும் படிக்கலாம், பதிலை மாற்றியும் அனுப்பலாம். அதைப் பூட்டி அனுப்பும் முறை 2016-ல் தரப்படுத்தப்பட்டது. அதற்கு 853 என்ற தனி போர்ட். ஆண்ட்ராய்டின் `Private DNS` பெரும்பாலும் அந்த முறையில்தான் இயங்குகிறது. போன் முதலில் அந்தச் சேவையின் பெயருக்கு எண் என்ன என்று, வேறு வழியில்லாமல், சாதாரண டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். எண் கிடைத்ததும் 853-ல் போய்ச் சேரும். எதிரில் இருப்பவர் காட்டும் சான்றிதழில் நாம் அடித்து வைத்த அதே பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்கும். இருந்தால் பேசத் தொடங்கும். எந்தப் படியில் தடுக்கினாலும் அத்தோடு நின்றுவிடும்.

நிற்காமல் பழைய வழிக்குத் திரும்பிவிட்டால் என்ன என்று தோன்றும். அப்படித் திரும்புமானால் இந்தப் பூட்டுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். ஒரு லாட்ஜ் வைஃபையிலோ ஸ்டேஷன் வைஃபையிலோ கெட்ட எண்ணம் உள்ளவர் 853-ஐ மட்டும் அடைத்தால் போதும், எல்லாப் போன்களும் தாமாகவே திறந்த அட்டைக்கு மாறிவிடும். அதனால் அந்தப் பெயரோடு பேச முடியாதபோது யாரோடும் பேசாமல் இருப்பதுதான் சரியான நடத்தை. சித்தியின் போன் கெட்டுப்போகவில்லை. பேரன் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டிருந்தது.

நடுவில் இருக்கும் `Automatic` இதற்கு மாறானது. ரவுட்டர் சொன்ன டிஎன்எஸ்ஸுக்குப் பூட்டிப் பேசத் தெரிந்தால் பூட்டிப் பேசும், தெரியாவிட்டால் பழைய முறைக்குப் போய்விடும். பாதுகாப்பு கொஞ்சம் குறைவு, நின்றுபோகும் பயம் இல்லை. பெரும்பாலான போன்கள் வாங்கும்போது இப்படித்தான் இருக்கும். சித்தியின் போனிலும் அதையே தேர்ந்து `Save` தொட்டேன். ரீஸ்டார்ட்கூட வேண்டியிருக்கவில்லை. மேலே இருந்த ஆச்சரியக்குறி மறைந்தது. அடைபட்டிருந்த செய்திகள் கொட்டிக்கொண்டு வந்தன. பேங்க் செய்தி, கேஸ் சிலிண்டர் செய்தி, சின்ன மகள் அனுப்பிய குழந்தைப் படங்கள்.

பெயர் சரியாக இருந்து, சேவையும் உயிரோடு இருந்து, ஆனாலும் இதே நிலை வருவதுண்டு. சில அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் 853 போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். இப்போது நான் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். விடுதிப் பிள்ளைகள் சிலர், மேடம் வீட்டில் வருகிறது இங்கே வரவில்லை என்று வந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். இடத்துக்கு இடம் மாறினால் இது, எங்கே போனாலும் வரவில்லை என்றால் சேவையே போய்விட்டது என்று பிரித்துக்கொள்ளலாம். போனில் தேதி தப்பாக இருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நிற்கும். பேட்டரி செத்து நாள்கணக்கில் மேஜையில் கிடந்த பழைய போனை எடுத்தால் முதலில் தேதியைப் பார்ப்பது நல்லது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் போனில் இந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தால், ஆபாசத் தளங்களைத் தடுக்கப் பெற்றோரே அதைப் போட்டிருக்கவும் கூடும். அடுத்தவர் போனில் கேட்காமல் அதை `Off` செய்துவிடக் கூடாது.

சித்தி வீட்டிலிருந்து கிளம்பும் முன்னே எதிர்வீட்டுப் பையன் ஒரு போனோடு வந்து நின்றான். அண்ணன் போனாம், அண்ணன் புதுப் போன் வாங்கிக்கொண்டு பழையதை இவனுக்குத் தந்திருக்கிறான். "அக்கா, இதுவும் அதே பிரச்சினைதான், கனெக்ட் ஆகுது, ஒண்ணும் வரல" என்றான். முதலில் எண்ணை அடித்தேன். `https://1.1.1.1/cdn-cgi/trace` திறக்கவில்லை. இது அதே பிரச்சினை இல்லை. பெயர் கேட்கும் இடத்தில் மட்டும் கோளாறு என்றால் எண் திறந்திருக்கும். எண்ணே போகவில்லை, ஆனால் அவன் அதே போனில் ஹாட்ஸ்பாட் போட்டபோது என் லேப்டாப்புக்கு இணையம் வந்தது. போனுக்குள் வேறு யாரோ பாதையை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

`VPN` என்ற பகுதியைத் திறந்தேன். அவனே கேள்விப்படாத ஒரு செயலியின் பெயர் இருந்தது. பக்கத்திலிருந்த பல்சக்கரத்தைத் தொட்டால் இரண்டு சுவிட்சுகளும் போட்டபடி இருந்தன: `Always-on VPN`, அதன் கீழே `Block connections without VPN`.

இந்த வகைச் செயலிகள் ஊரெல்லாம் போன்களில் வந்து உட்கார்ந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2020 ஜூன் 29-ம் தேதி மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. செப்டம்பரில் பப்ஜியும் போனது. தெருவுக்குத் தெரு பையன்கள் இலவச விபிஎன் செயலிகளை இறக்கிக்கொண்டார்கள். போனிலிருந்து போகும் எல்லாவற்றையும் வாங்கி, வெளிநாட்டில் இருக்கும் ஒரு சர்வர் வழியாக அனுப்புவதுதான் அதன் வேலை. ஆசை தீர்ந்தது, செயலி தங்கிவிட்டது. சர்வரை நடத்தியவர்கள் ஒருநாள் நிறுத்திவிட்டார்கள், அல்லது காசு கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

மேல் சுவிட்ச் மட்டும் போட்டிருந்தால் போன் அந்தச் செயலியைத் தானாகவே எழுப்பிக்கொண்டே இருக்கும். கீழ் சுவிட்சும் போட்டிருந்தால், செயலி சர்வரோடு சேரும் வரை வேறு எந்தச் செயலிக்கும் வெளியே வழி கிடையாது. சேரவே முடியாத சர்வர் என்றால் எப்போதும் வழி கிடையாது. பத்திரிகைக்காரர்கள், ஆபத்தான இடத்தில் வேலை பார்ப்பவர்கள் போன்றவர்களுக்காக வைத்த சுவிட்ச் அது. விபிஎன் சுரங்கம் அறுந்த ஒரு நொடியில்கூட அவர்கள் இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடக் கூடாது. முருகன்குறிச்சிப் பையன் கைக்கு வந்த பழைய போனில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. இரண்டு சுவிட்சுகளையும் அணைத்து, `Forget VPN` தொட்டு, செயலியையும் நீக்கினோம். பாதை திறந்தது.

விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் மேலே ஒரு சாவிக் குறி இருக்கும். அந்தப் பையன் போனில் சுரங்கம் சேரவே இல்லை என்பதால் அந்தச் சாவியும் இல்லை. அதனால் குறியை மட்டும் நம்பாமல் `VPN` பட்டியலைத் திறந்து பார்த்துவிடுவதே மேல். விளம்பரம் தடுக்கும் செயலிகளும், எந்தச் செயலி இணையத்துக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபயர்வால் செயலிகள் பலவும் இதே வழியைத்தான் பயன்படுத்துகின்றன. சர்வர் என்று ஒன்றும் இல்லாமலே போனுக்குள் ஒரு விபிஎன் போல நிற்கும். அவற்றின் பெயரில் விபிஎன் என்ற சொல்லே இருக்காது, பட்டியலில் இருக்கும்.

எனக்கு வருத்தம் ஒன்றில்தான். சித்தியின் போன் உண்மையில் ஒரு தடவை சொல்லியிருந்தது. `Private DNS server cannot be accessed` என்று அறிவிப்பு வரும், வைஃபை பெயரின் கீழேயும் அதே வரி பொடி எழுத்தில் இருக்கும். அன்று நான் போய்ப் பார்த்தபோதும் அது அங்கே இருந்தது. வாழ்நாளில் `Private DNS` என்ற சொல்லையே கேள்விப்படாத, தினமும் கடன் வேண்டுமா என்று வரும் அறிவிப்புகளோடு சேர்த்து அதையும் விரலால் தள்ளிவிடுகிற ஒருவருக்கு அந்த வரி என்ன சொல்லிவிடும்? நீங்கள் தேர்ந்து வைத்திருக்கும் இன்ன பெயருள்ள சேவை பதில் சொல்லவில்லை, இன்ன நாளிலிருந்து சொல்லவில்லை, தற்காலிகமாக `Automatic`-க்கு மாறலாமா என்று பெயரையும் நாளையும் சொல்லிக் கேட்டால் போதும். மாறவே கூடாது என்று இருக்கிறவர்கள் வேண்டாம் என்று தொடட்டும். பூட்டு பூட்டாகவே இருக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும்.

விளம்பரம் திரும்ப வந்துவிட்டது. சித்தி மறுநாளே கூப்பிட்டுச் சொன்னார். பேரனிடம் பேசினேன். வேறு ஒரு சேவையின் பெயரைப் போடலாம், நிறைய பேர் பல வருடமாகப் பயன்படுத்துவதாகப் பார்த்து எடுத்திருக்கிறேன் என்றான். போடு என்றேன். ஆனால் மறுபடி இப்படி ஆனால் எங்கே போய் எதைத் தொட வேண்டும் என்று பாட்டியையே ஒருமுறை செய்ய வைத்துவிட்டுப் போடு என்றேன். வீடியோ காலில் அவன் சொல்லச் சொல்ல சித்தி செட்டிங்ஸைத் திறந்து `Automatic`-க்கு மாற்றி, `Save` தொட்டு, திரும்பவும் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி அடித்து வைத்திருக்கிறார். கடைசி எழுத்து விட்டுப்போனதில் போன் `Couldn't connect` என்று காட்ட, அதை அவரே பார்த்துத் திருத்தியதாகச் சொன்னான்.